சி.டி. சீட்டில் கேள்வியை முதலில் எழுதுகிறேன்

பாலக்கோட்டிலிருந்து வந்த 58 வயதுக்காரர். கேஸ் தாளில் இருந்தது இவ்வளவுதான்: வயிற்று வலி, சர்க்கரை, காய்ச்சல், பழைய கல் ஆபரேஷன், கண்புரை ஆபரேஷன், கிரியேட்டினின் 1.8. இதை அப்படியே நகலெடுத்து "சி.டி. வயிறு" என்று தர்மபுரிக்கு அனுப்பினால், எதைத் தேடுவது என்று ரேடியாலஜிஸ்டுக்குத் தெரியாது.

அதனால் நோயாளியிடம் மறுபடி பேசி, வலி இடது விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்குகிறது, நேற்றிலிருந்து, சிறுநீரில் ரத்தம் என்று தெரிந்துகொண்டு இப்படி எழுதினேன்:

"இடது சிறுநீர்க்குழாயில் கல் இருக்கிறதா? இருந்தால் அளவு, இடம், சிறுநீரக வீக்கம்? நேற்றிலிருந்து இடது விலா வலி, சிறுநீரில் ரத்தம், காய்ச்சல் 101. 2021-இல் இடது பக்கக் கல் ஆபரேஷன். சர்க்கரை, மெட்ஃபார்மின், கிரியேட்டினின் 1.8. கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி. வேண்டும்."

கண்புரையை விட்டுவிட்டேன். பக்கத்தைக் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் இடுப்பு ரத்தக்குழாயில் படியும் சுண்ணாம்புப் புள்ளியும் படத்தில் கல் மாதிரியே தெரியும், வலி எந்தப் பக்கம் என்று தெரிந்தால் பிரித்துப் பார்ப்பது சுலபம். கான்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரில் இறங்கிவிட்டால் அதுவும் வெள்ளையாகத் தெரிந்து கல்லை மறைக்கும். ஒருவேளை கான்ட்ராஸ்ட் தேவை என்று ரேடியாலஜிஸ்ட் நினைத்தால், சிறுநீரகம் தாங்குமா என்று யோசிக்க கிரியேட்டினினும் மெட்ஃபார்மினும் கண்முன்னே இருக்கும்.

அப்புறம் என் ஃபோன் எண். காய்ச்சலோடு அடைப்பும் இருந்தால் ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்க முடியாது, உடனே யூராலஜிஸ்ட் இருக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும்.