மகப்பேறு விடுப்பில் செல்லும் சக ஆசிரியைக்கு இரண்டு நிமிட விடைகொடுப்பு உரை எழுதுவது எப்படி?

கோத்தகிரிப் பகுதியில் உள்ள எங்கள் அரசுப் பள்ளியின் கணித ஆசிரியை, செப்டம்பர் நடுவில் மகப்பேறு விடுப்பில் தாய்வீடு செல்ல இருந்தார். அவருக்கு நாலு வார்த்தை பேசும் பொறுப்பு எனக்கு வந்தது. முதன்முறை எழுதுவோருக்குப் பயன்படும் என்பதால் அந்த உரையை உருவாக்கிய முறையை இங்கே பதிகிறேன்.

முதலில், விடைபெறுபவரையே தனியாகக் கேட்டுவிடுங்கள். பிரசவத்துக்கு முன் பலர் கூடிக் குழந்தையைப் பற்றிப் பேசுவதைச் சில குடும்பங்கள் விரும்புவதில்லை. எங்கள் ஆசிரியையும் "பேசுங்கள் டீச்சர், ஆனால் குழந்தையைப் பற்றி எதுவும் வேண்டாம்" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் பிரசவத் தேதி, மருத்துவமனை, ஆணா பெண்ணா என்ற ஊகம் ஆகியவற்றை உரையில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

அடுத்து, விடுப்பின் கால அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் மகப்பேறு விடுப்பு ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக உயர்த்தப்பட்டது. ஆகவே அவர் திரும்புவது ஏறத்தாழ அடுத்த ஆண்டுக் காலாண்டுத் தேர்வு நேரத்தில். தேதியைச் சொல்லாமல் இப்படிப் பருவத்தைச் சொன்னால், விடுப்பு சற்றே முன்பின் ஆனாலும் உரை பொய்யாகாது.

பெரும்பாலோர் இடறுவது வினைமுற்றில்தான். என்னையும் அதிக நேரம் பிடித்து நிறுத்தியது அதுவே. நமக்குப் பழகிய பிரிவுரைகள் பணி ஓய்வுக்கும் பணிமாறுதலுக்கும் உரியவை என்பதால், பேனாவை எடுத்தவுடன் "எட்டாம் வகுப்புக்கு அவர் வடிவியலைச் சிறப்பாக நடத்தினார், அவர் இல்லாத குறையை எவராலும் நிரப்ப முடியாது" என்ற வாக்கியம் தானாக வந்துவிடும். கேட்பவர்களுக்கு அவர் இனி வரவே மாட்டார் என்ற எண்ணம் உண்டாகும். விடுப்பில் செல்பவருக்கோ, தன் வேலையை மற்றவர் தலையில் கட்டிவிட்டுப் போகிறோம் என்ற குற்றவுணர்வு வரும். எனவே வரைவில் உள்ள இறந்தகால வினைகளையெல்லாம் கோடிட்டு, அவருடைய இயல்பைக் குறிப்பவற்றை நிகழ்காலத்துக்கு மாற்றுங்கள். "நிரப்ப முடியாது" என்பதை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் அந்த வேலையை யார் பார்த்துக்கொள்வார் என்பதை எழுதுங்கள். "சீக்கிரம் வந்துவிடுங்கள், பிள்ளைகள் காத்திருப்பார்கள்" என்பதையும் நான் சேர்க்க மாட்டேன். அன்பாகச் சொன்னாலும் அது விடுப்பைச் சுருக்கச் சொல்வதாகவே படும்.

இறுதியில் நான் பேசியது இது:

"டீச்சர், நீங்கள் வட்டம் வரைந்தால் கவராயம் தேவைப்படுவதில்லை என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த வகுப்பின் கணக்குப் பாடத்தை நாளை முதல் நம் அறிவியல் ஆசிரியரும் நானும் பகிர்ந்துகொள்கிறோம். அதுபற்றி நீங்கள் ஒரு தொலைபேசி அழைப்புகூடச் செய்ய வேண்டியதில்லை. வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் அதே வரிசையில் இருக்கும், எதிரே விடுப்பு என்று மட்டும் எழுதுவோம். சன்னலோர நாற்காலியும் உங்களுடையதுதான். அடுத்த ஆண்டுக் காலாண்டுத் தேர்வு நேரத்தில் சந்திப்போம். நல்லபடியாகப் போய் வாருங்கள்."

கவராய வரி தற்செயலாக வந்ததன்று. "அன்பானவர், பண்பானவர்" என்பது எவருக்கும் பொருந்தும். அவர் ஒருவருக்கே பொருந்துகிற ஒரு செயலைத் தேட வேண்டும். அதற்கு மாணவர்களைக் கேட்பதே எளிய வழி.

உரையைக் கைப்பேசியிலிருந்து படிப்பதை நான் ஏற்பதில்லை. திரை அணைந்தால் பேச்சு அறுந்துவிடும். அஞ்சலட்டை அளவுத் தாளில் கையால் எழுதினால் போதும், பேசியபின் அதையே அவரிடம் கொடுத்தும் விடலாம். பொன்னாடை வேண்டாம், அது பணி ஓய்வு விழாவின் சாயலைக் கொண்டுவந்துவிடும். வாசனை மிகுந்த பூங்கொத்தும் அவருக்குக் குமட்டலாம். அவரை உட்காரவைத்தே பேசுங்கள். மலையில் மாலை ஆக ஆக மூடுபனி இறங்கிவிடும் என்பதால், கீழே போகும் பேருந்தை அவர் வெளிச்சத்திலேயே பிடிக்கும்படி மதிய இடைவேளையில் தேநீரும் வர்க்கியுமாக முடித்துக்கொண்டோம்.

பின்சேர்க்கை: தனியார் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் பணிபுரியும் வாசகர் ஒருவர், இதே உரையில் காலாண்டுத் தேர்வுக்குப் பதிலாக "குழந்தை நடக்கப் பழகும்போது வந்துவிடுவீர்கள்" என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தார். குழந்தையைப் பேச்சில் இழுப்பது ஒருபுறம் இருக்க, அங்கே கணக்கும் பொருந்தாது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்குக் கிடைப்பது 26 வாரம். அதில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். அப்படி எடுப்பவர் பணிக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதம் சொச்சம்தான், குப்புறக் கவிழத் தொடங்கும் வயது. செப்டம்பரில் விடுப்பு தொடங்கினால் மார்ச்சில் முடியும் என்பதால், "கோடை மழைக்குக் கொழுந்து பெருகுவதற்குள் சந்திப்போம்" என்று அவர் மாற்றி எழுதிக்கொண்டார்.