தாஸ்கா போன முதல் வருடச் சளி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறையில் ஒரு தாஸ்காவில் ஒன்பது வருடமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாகப் பிள்ளையைச் சேர்த்த அம்மாக்கள் மூன்றாவது மாதம் வந்து கேட்பது ஒன்றுதான்: "அக்கா, இவனுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லையா? சளி விடவே மாட்டேங்குதே." என் மகள் இரண்டரை வயதில் தாஸ்கா போனபோது நானும் இப்படித்தான் கலங்கினேன்.

நாட்காட்டியில் குறிக்காமல் பயப்படுவது

சின்னப் பிள்ளைக்கு வருடத்தில் 6 முதல் 8 முறை சளி பிடிப்பது சாதாரணம். தாஸ்கா போகும் முதல் வருடத்தில் 10, 12 கூட ஆகலாம். சளியைத் தரும் வைரஸ்கள் 200-க்கும் மேல். பிள்ளையின் உடம்பு அவற்றை ஒவ்வொன்றாகத்தான் சந்திக்கிறது. ஒரு சளி, இருமலோடு சேர்த்து 12 நாள் நீடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து முறை வந்தால் 120 நாள். வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு மூக்கு ஒழுகும், ஆனாலும் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை.

சளி தொடங்கிய நாளையும் மூக்கு காய்ந்த நாளையும் குறித்து வையுங்கள். நான் குறித்தபோதுதான், "நாலு மாதமாக விடாத சளி" என்று நினைத்தது ஐந்து தனித்தனிச் சளி என்று தெரிந்தது. இடையில் ஒன்பது நாள், ஒரு முறை பதினாலு நாள், பிள்ளை நன்றாகவே இருந்திருக்கிறாள்.

பச்சைச் சளி என்றதும் அண்டிபயாடிக் கேட்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. மகளுக்கு நாலாவது நாள் மூக்குச் சளி பச்சையானது. முதல் கிளினிக்கில் பாராசிட்டமால் மட்டும் கொடுத்து, வீட்டில் பாருங்கள் என்றார்கள். எனக்குத் திருப்தி இல்லை. மறுநாளே வேறு கிளினிக் போய் நானே அண்டிபயாடிக் கேட்டு வாங்கினேன். ஏழாவது நாள் சளி குறைந்தது. மருந்துதான் குணமாக்கியது என்று நம்பிவிட்டேன். அந்த வருடம் மட்டும் ஐந்து முறை கொடுத்தேன். மூன்றாவது முறை வயிற்றுப்போக்கில் பிள்ளையின் தொடையிடுக்கு தோல் உரிந்து, டயப்பர் மாற்றும்போதெல்லாம் அலறினாள்.

பச்சை நிறம் எங்கிருந்து வருகிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். சளியோடு போராட வரும் வெள்ளை அணுக்களுக்குள் பச்சை நிறமுள்ள ஒரு நொதி இருக்கிறது. அவை நிறையச் சேரும்போது சளியும் பச்சையாகும். வெறும் வைரஸ் சளியிலும் மூன்று நாலு நாளில் இப்படி ஆகும், அப்புறம் தானாகவே தெளியும். வைரஸை அண்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. நாலாவது நாள் மருந்தைத் தொடங்கினால், சளி தானாக இறங்கும் நேரத்தில் பாட்டில் கையில் இருக்கும், அவ்வளவுதான்.

நிறத்தை விட்டுவிட்டு நாளைப் பாருங்கள். பத்து நாள் தாண்டியும் கொஞ்சமும் குறையவில்லை என்றாலோ, குறைந்து வந்த பிள்ளைக்குத் திரும்பக் காய்ச்சல் அடித்தாலோ, காது வலிக்கிறது என்று அழுதாலோ டாக்டரிடம் போங்கள். அங்கே "அண்டிபயாடிக் கொடுங்கள்" என்று தொடங்காமல், "இது எத்தனையாவது நாள்" என்று சொல்லுங்கள். ஒரே கிளினிக்குக்கே போங்கள், போன முறை என்ன நடந்தது என்று அவர்களிடம் பதிவு இருக்கும்.

மீந்த பாட்டிலைத் திரும்ப எடுப்பது

வேண்டாம். தண்ணீரில் கரைத்த அண்டிபயாடிக் சிரப் ஒன்றிரண்டு வாரத்தில் வீரியம் இழந்துவிடும்.

எல்லாக் காய்ச்சலும் தாஸ்காச் சளிதான் என்று விடுவது

மூக்கு ஒழுகவில்லை, இருமலும் இல்லை, ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் நம் ஊரில் முதலில் டெங்கியை நினைக்க வேண்டும். மூன்றாவது நாள் வரை காத்திருக்காமல் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

இருமும் பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, தண்ணீர் குடிக்க முடியாமல் சோர்ந்து கிடந்தாலோ இரவென்று பார்க்காமல் கிளம்புங்கள்.

எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது

எங்களிடம் இருந்த ஒரு பையனுக்கு வருடத்தில் ஐந்து சளிதான். மற்ற பிள்ளைகளைவிடக் குறைவு என்று அவன் அம்மா நிம்மதியாக இருந்தார். ஆனால் அதில் இரண்டு முறை நிமோனியாவில் வார்டில் இருந்தான். எடையும் ஏழு மாதமாக ஏறவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. வருடத்தில் இரண்டு நிமோனியா, நாலு அல்லது அதற்கு மேல் காதுத் தொற்று, ஆழமான சீழ்க்கட்டிகள் திரும்பத் திரும்ப வருவது, எடை நின்றுபோவது, இப்படி இருந்தால் எதிர்ப்பு சக்தியைச் சோதிக்கச் சொல்லிக் குழந்தை நல மருத்துவரிடம் கேட்கலாம். அவன் அம்மாவிடம் கிளினிக் புத்தகத்தையும் எங்கள் வருகைப் பதிவையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அடுத்த வாரமே போனார்.