படத்தில் வரும் இரண்டு நகர்வு மேட்: எங்கே சறுக்குகிறார்கள்?

சதுரங்கம் பழகுகிறவர்கள் புதிரைப் போனில் படம் பிடித்து அனுப்பி, "விடை இதுதானே?" என்று கேட்கிறார்கள். முதல் நகர்வு பெரும்பாலும் சரியாக இருக்கும். "ஏன்?" என்று திருப்பிக் கேட்டால் பாதி வழியில் நின்றுவிடுவார்கள். பழகிய காலத்தில் எல்லோரும் விழுந்த அதே பள்ளங்கள்தான். காய் எப்படி நகரும் என்ற அளவிலான பிழைகளை விட்டுவிடுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ஆட்டக்காரர் பால் மார்ஃபியின் பெயரில் வழங்கும் பழைய புதிர் போதும். அது 1856இல் அச்சானது. வெள்ளைக்கு c8இல் ராஜா, a1இல் யானை, b6இல் சிப்பாய். கறுப்புக்கு a8இல் ராஜா, b8இல் பிஷப், a7, b7 இரண்டிலும் சிப்பாய்கள். வெள்ளை ஆடி இரண்டாவது நகர்வில் மேட் செய்ய வேண்டும்.

பலகையைத் தலைகீழாகப் படிப்பது

அச்சிட்ட படத்தில் வழக்கமாக வெள்ளை கீழிருந்து மேலே ஏறும். நிஜப் பலகையைக் கறுப்பின் பக்கமிருந்து படம் பிடித்தால் எல்லாம் புரண்டுவிடும். வலது கீழ் மூலை வெள்ளைக் கட்டமா என்று பார்த்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். பலகை கால்வட்டம் திரும்பியிருந்தாலோ, படம் கண்ணாடிப் பிம்பமாக வந்திருந்தாலோ அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். முழுதாகத் தலைகீழானால் அங்கேயும் வெள்ளை மூலைதான் இருக்கும், சோதனை ஏமாற்றிவிடும். அப்போது சிப்பாய்களின் திசையைத்தான் பார்க்க வேண்டும். நம் புதிரைத் தலைகீழாகப் படித்தால் வெள்ளை ராஜா f1இலும் கறுப்புச் சிப்பாய் g2இலும் வந்து நிற்கும். அதாவது வெள்ளை ராஜாவுக்கே செக்! புதிர் அப்படித் தொடங்கினால் படத்தைத் திருப்பிப் பாருங்கள்.

யார் ஆட்டம்?

படத்தில் தெரியாது. எழுதி அனுப்புங்கள்.

செக்கில்தான் தொடங்க வேண்டும் என்ற பிடிவாதம்

யானை a7ஐ வெட்டிச் செக் கொடுத்தால் பிஷப் யானையை வெட்டிவிடும். மேட் இல்லை.

எதிராளியின் பதிலை நாமே தேர்ந்தெடுப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். சரியான நகர்வு யானை a6. "b7 சிப்பாய் யானையை வெட்டும், நான் b7க்குப் போய் மேட்" என்று ஒரு வரியை எழுதிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். கறுப்பு வெட்டாவிட்டால்? வெட்டச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

கறுப்பால் ஆட முடிந்த எல்லா நகர்வுகளையும் எண்ண வேண்டும். ராஜாவுக்கு ஒரு கட்டமும் இல்லை. a7 சிப்பாயின் முன்னால் யானை நிற்கிறது, ஆகவே முன்னேற முடியாது. b6ஐ வெட்டவும் முடியாது, அந்த நெடுக்குக் கோட்டிலிருந்து விலகினால் ராஜாவுக்கு யானையின் செக். b7 சிப்பாய்க்கு a6ஐ வெட்டுவது ஒன்றுதான் வழி. பிஷப்புக்கு c7 முதல் h2 வரை ஆறு கட்டங்கள். ஆக மொத்தம் ஏழே நகர்வுகள்.

சிப்பாய் யானையை வெட்டினால் வெள்ளைச் சிப்பாய் b7க்கு வந்து மேட். அதை c8 ராஜா காக்கிறது; a7இலும் b8இலும் கறுப்பின் சொந்தக் காய்களே வழியை அடைக்கின்றன. பிஷப் எங்கே நகர்ந்தாலும் யானை a7ஐ வெட்டி மேட். யானைக்குப் b6 சிப்பாய் துணை, காலியான b8ஐ வெள்ளை ராஜா பார்த்துக்கொள்கிறது. "பிஷப் c7க்குப் போய் b6ஐத் தாக்குமே?" என்று ஒருவர் மடக்கினார். தாக்கட்டும். யானை செக் கொடுத்த பிறகு சிப்பாயை வெட்டினாலும் செக் அப்படியே நிற்கும். அந்த நகர்வே செல்லாது.

இந்த நிலையில் வெள்ளை எதையும் மிரட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிஷப் b8இலேயே இருக்கும்வரை a7ஐ வெட்டிப் பயனில்லை. கறுப்பு தன் முறையை விட்டுவிட முடிந்தால் தப்பிவிடும். முடியாது, ஏதாவது ஆடியே தீர வேண்டும், எதை ஆடினாலும் காவல் உடைகிறது.

அப்படியானால் யானை a2 போன்ற சும்மா நகர்வு போதாதா? பிஷப் நகர்ந்தால் அதுவும் மேட்தான். ஆனால் a7 சிப்பாய் a6க்கு நகர்ந்துவிடும். யானை அதை வெட்டிச் செக் கொடுத்தால் b7 சிப்பாய் யானையை வெட்டும், இரண்டாவது நகர்வில் மேட் இல்லை. அந்த ஒரு சிப்பாயை நிறுத்தத்தான் யானை a6 வரை ஏறுகிறது.

சாய்வாகப் பிடித்த படம்

மேல் வரிசைகள் நெருங்கித் தெரியும். b7, b8 குழம்பினால் வேறு புதிரைத்தான் தீர்ப்பீர்கள். காய்களைக் கட்டம் கட்டமாக எழுதிய பிறகே யோசியுங்கள்.