வெளிநாட்டு விண்ணப்பச் செலவு: நோட்டில் விடுபடும் வரிகள்

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் அண்ணன் போன மாதம் ஒரு நோட்டை நீட்டினார். அவர் மகள் புதுச்சேரியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறாள், அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க எட்டு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். நோட்டில் மூன்றே வரிகள். எட்டு விண்ணப்பத்துக்கு சராசரி 90 டாலர் வீதம் 720 டாலர், மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வுக்கு 22,000 ரூபாய், டோஃபல் ஆங்கிலத் தேர்வுக்கு 17,000 ரூபாய். டாலரை 90 ரூபாய் என்று வைத்து மொத்தம் 1,03,800 என எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

எழுதிய தொகைகளில் தவறில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் கணக்கு இப்படித்தான் போடப்படுகிறது, பணம் இந்த மூன்று வரிக்கு வெளியேதான் போகிறது. அதிகமாகப் போவது மதிப்பெண் அறிக்கையில்.

ஜிஆர்இ, டோஃபல் இரண்டையும் நடத்துவது ஈடிஎஸ் நிறுவனம். நாம் கட்டும் தேர்வுக் கட்டணத்திலேயே நான்கு பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண் அனுப்பும் உரிமை அடங்கியிருக்கிறது. அந்த நான்கையும் தாண்டினால் ஜிஆர்இக்கு ஒவ்வொன்றுக்கும் சுமார் 35 டாலர், டோஃபலுக்கு சுமார் 25 டாலர். இந்த இலவச உரிமைக்கு நேரக் கெடு உண்டு. ஜிஆர்இயில் தேர்வு நாளன்றே, தேர்வு முடிந்ததும் திரையில் பெயர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டோஃபலில் தேர்வுக்கு முந்தைய நாள் இரவு 10 மணிக்குள் நம் கணக்கில் நுழைந்து குறித்துவிட வேண்டும். தவறவிட்டால் பிறகு அந்த நான்குக்கும் முழுக் காசு.

என் மகன் விஷயத்தில் அதுதான் நடந்தது. அப்போது அவனிடம் பட்டியலே இல்லை. "ரிசல்ட் வரட்டும், அப்புறம் காலேஜ் பாத்துக்கலாம்" என்று நாங்களே சொல்லியிருந்தோம். தேர்வு முடிந்த களைப்பில் அந்தத் திரையைத் தாண்டி வந்துவிட்டான். டோஃபலுக்கும் முன்கூட்டிக் குறிக்கவில்லை. இரண்டிலும் நான்கு நான்காக இழந்தது 240 டாலர், இன்றைய கணக்கில் 21,600 ரூபாய். ஒரு ஜிஆர்இ தேர்வுக் கட்டணமே அது.

ஆகவே பட்டியல் முதலில், தேர்வு பிறகு. பட்டியல் என்றால் வெறும் பெயர்கள் அல்ல. அண்ணன் மகளை உட்காரவைத்து ஒவ்வொரு துறையின் சேர்க்கைப் பக்கத்தையும் திறந்து இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொன்னேன். இந்தத் துறை ஜிஆர்இ மதிப்பெண்ணைப் பார்க்கிறதா? பார்த்தால், விண்ணப்பத்தில் நாமே மதிப்பெண்ணை எழுதினால் போதுமா, ஈடிஎஸ்ஸிலிருந்து நேரடியாகப் போக வேண்டுமா?

ஒரு மாலை முழுவதும் பிடித்தது. எட்டில் மூன்று துறைகள் ஜிஆர்இயை ஏற்பதே இல்லை. இரண்டு இடங்களில் நாமே எழுதினால் போதும், சேர்க்கை கிடைத்த பிறகு அதிகாரபூர்வ அறிக்கை கேட்பார்கள். மீதி மூன்றுக்குத்தான் நேரடியாகப் போக வேண்டும். இலவச நான்குக்குள் அடங்கிவிட்டது. டோஃபலில் ஐந்து இடங்கள் நேரடி அறிக்கை கேட்டன, அதனால் ஒன்றுக்கு மட்டும் 25 டாலர். பார்க்காமல் எல்லா இடத்துக்கும் அனுப்பியிருந்தால், இலவசத்தைச் சரியாகப் பயன்படுத்தியிருந்தாலும் கூடுதல் எட்டு அறிக்கைகளுக்கு 240 டாலர் ஆகியிருக்கும். இங்கே பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தை நம்பாதீர்கள். பொதுப் பக்கம் ஜிஆர்இ விருப்பம் என்று சொல்லும், துறைப் பக்கம் கட்டாயம் என்று சொல்லும். துறை சொல்வதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

டோஃபலுக்குப் பதிலாக ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதுவோருக்குப் பொதுவாக ஐந்து இடங்கள் வரை இலவசம். டூயோலிங்கோ ஆங்கிலத் தேர்வில் எத்தனை இடத்துக்கு அனுப்பினாலும் காசில்லை. ஆனால் அதை எல்லாத் துறைகளும் ஏற்பதில்லை. எட்டில் ஒரே ஓர் இடம் மறுத்தாலும் இரண்டாவது ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்ட நேரும்.

தேர்வுக் கட்டணம் முழுவதையுமே இழக்கவைக்கும் தவறு ஒன்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரியது, அது இனிஷியல். மதிப்பெண் சான்றிதழில் "க. செல்வி", ஆதாரில் "செல்வி க", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். ஜிஆர்இ எழுதப் போகும்போது அடையாளத்துக்குக் காட்டுவது பாஸ்போர்ட். பதிவில் உள்ள பெயர் அதோடு பொருந்தாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம், கட்டிய பணம் திரும்பாது. பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லாப் பருவ மதிப்பெண்களையும் சேர்த்துப் பல்கலைக்கழகம் தரும் அதிகாரபூர்வப் பட்டியல். இதில் நடப்பது அவசரச் செலவு. எட்டு இடம் என்றதும் எட்டு செட் சீலிட்ட உறை வாங்கி, எட்டையும் கூரியரில் அனுப்பத் துடிக்கிறார்கள். ஒரு கூரியர் 2,500 ரூபாய் என்று வைத்தாலே 20,000. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் பட்டியலை ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும் என்கின்றன. சேர்க்கை கிடைத்து, நாம் போவதாக ஒப்புக்கொண்ட இடத்துக்கு மட்டும் அசல் அனுப்ப வேண்டும். இரண்டு செட் வாங்கி வைத்தால் போதுமானது. நம் படிப்பை அமெரிக்கப் படிப்போடு ஒப்பிட்டுச் சொல்லும் வெஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனங்களின் அறிக்கையும் அப்படித்தான். 200 டாலருக்கு மேல் ஆகும் செலவு அது, துறை எழுத்தில் கேட்டால் மட்டும் செய்யுங்கள்.

டிரான்ஸ்கிரிப்டை எங்கே வாங்குவது என்பதிலும் அலைச்சல் உண்டு. பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறதோ அங்கேதான். அண்ணன் மகளுக்குக் காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகம். கடலூரில் பொறியியல் படித்தவர்கள் பலருக்கு அண்ணா பல்கலைக்கழகம், சென்னை போக வேண்டியிருக்கலாம். கடலூர் கலைக் கல்லூரிகளில் சில ஆண்டுகளுக்கு முன் படித்தவர்களுக்கு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகமாக இருக்கலாம். பழைய மதிப்பெண் பட்டியலின் தலைப்பைப் பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

ஜெர்மனிக்குப் போகிறவர்களின் நோட்டு வேறு. அங்கே முதலில் நம் படிப்பு ஆவணங்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், 18,000 ரூபாய், எத்தனை இடத்துக்கு விண்ணப்பித்தாலும் ஒரே தடவை. விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்பும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாகப் போகும் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பம் 75 யூரோ, அடுத்தடுத்தவை ஒவ்வொன்றும் 30 யூரோ. ஐந்து விண்ணப்பம் என்றால் 195 யூரோதான், ஐந்தை 75ஆல் பெருக்கினால் வீணாகப் பயப்படுவீர்கள்.

கடைசியாக வங்கி அட்டை. பல அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 3.5 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி. 720 டாலருக்கு ஏறத்தாழ 2,700 ரூபாய் கூடும்.

அண்ணனின் நோட்டில் இப்போது விண்ணப்பமும் அட்டைக் கட்டணமும் 67,500, இரண்டு தேர்வு 39,000, ஒரு கூடுதல் டோஃபல் அறிக்கை 2,250, சென்னை தேர்வு மையத்துக்கு இரண்டு பேர் போய்வர 3,000, சேர்க்கைக்குப் பின் இரண்டு டிரான்ஸ்கிரிப்டும் கூரியரும் 6,000 என்று ஐந்து வரிகள். கூட்டினால் 1,17,750. அதற்குக் கீழே தனியாக 22,000 என்று எழுதி வட்டமிடச் சொன்னேன். ஜிஆர்இயை 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம், மறுபடி முழுக் கட்டணம்.

"அத்தே, ரெண்டாம் தடவ எழுதுனா அந்த நாலு ஃப்ரீ திரும்பக் கெடைக்குமா?" என்று அண்ணன் மகள் கேட்டாள். கிடைக்கும். ஒவ்வொரு தேர்வுக்கும் நான்கு புதிதாக வரும்.