ரவிக்கை அளவு: நாடா நிற்க வேண்டிய இடம்

வேலூர் லாங்கு பஜாரில் துணி எடுத்துத் தைக்கக் கொடுப்பவர்கள், பலமுறை துவைத்துத் தளர்ந்த பழைய ரவிக்கையை அளவுக்குத் தருவதைவிட, வழக்கமாக அணியும் உள்ளாடையுடன் உடலிலேயே அளவெடுப்பது நல்லது. மார்புச் சுற்றளவுக்கு, மிக எடுப்பான இடத்தின் மீது நாடாவைச் சுற்றி, முதுகுப்புறம் அது கீழே சரியாமல் தரைக்கு இணையாக நிற்கிறதா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு விரல் நுழையும் தளர்வு போதும். தோள் அகலத்தை முதுகுப்பக்கமாக, ஒரு தோள் எலும்பின் முனையிலிருந்து மறுதோள் எலும்பின் முனை வரை எடுக்க வேண்டும்; அது கூடிவிட்டால் கையின் தையல் தோளைவிட்டு இறங்கிவிடும்.

பலர் விட்டுவிடும் அளவு, மார்பின் வடிவுக்கு ஏற்பத் துணியை மடித்துத் தைக்கும் கூர்மடிப்பான டாட்டின் உயரம். கழுத்தும் தோளும் சேரும் இடத்திலிருந்து மார்பு முனைவரை 10 அங்குலம் வந்தால், கீழிருந்து ஏறும் டாட், தோளிலிருந்து சுமார் 10½ அங்குலத்தில், அதாவது முனைக்கு அரை அங்குலம் கீழேயே முடிய வேண்டும். முனைவரை தைத்தால் துணி அங்கே கூராகத் துருத்தும்.