ஓவியத்துக்குக் கவிதை எழுதும்போது: ஆணியிலிருந்து தொடங்குங்கள்

டச்சு ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியத்தைப் பார்த்ததும் முதலில் வரும் வரி, ‘மஞ்சள் ரவிக்கைக்காரி பால் ஊற்றுகிறாள்’ என்பதாகத்தான் இருக்கும். அது படத்துக்கு அடியில் எழுதும் குறிப்பு. படம் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

பத்து நிமிடம் பார்த்து, கண்ணில் படுவதையெல்லாம் எழுதுங்கள். முதல் ஐந்தை அடித்துவிடுங்கள், அவை எல்லோருக்கும் தெரிபவை. மிச்சத்தில் வெள்ளைச் சுவரில் எதுவும் மாட்டாத ஓர் ஆணி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, ஓவியத்தால் காட்ட முடியாததைக் கேளுங்கள்: முன்பு என்ன இருந்தது, என்ன சத்தம் கேட்கிறது?

இந்த ஆணியில் என்ன தொங்கியது?
கேட்க வாயெடுத்தேன்.
பால் விழும் சத்தம்
நின்றுவிடுமோ என்று
கேட்கவில்லை.

பெண்ணின் உடையோ முகமோ இதில் இல்லை, ஆனால் அந்த அறை இருக்கிறது. பார்ப்பவரும் உள்ளே வந்துவிட்டார்.

மறுபக்கமும் சறுக்கும். ஆணியை விட்டுவிட்டுச் சொந்தத் துயரத்துக்குள் போனால் ஓவியம் வெறும் சாக்காகிவிடும். தலைப்பை மறைத்துவிட்டு வாசியுங்கள். கவிதை எந்தப் படத்துக்கும் பொருந்தினால், படத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு பொருளையாவது திரும்பக் கொண்டுவாருங்கள். ‘அழகு’, ‘மௌனம்’ போன்ற சொற்கள் அந்த வேலையைச் செய்யாது.