ராத்திரியில் 'இருள்வினை' நடக்குமா? ஒளிச்சேர்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பகலில் ஒளிவினை, ராத்திரியில் இருள்வினை என்று பிளஸ் ஒன் விடைத்தாள்களில் வருஷா வருஷம் பார்க்கிறேன். இரண்டும் பகலில்தான் நடக்கின்றன. இருள்வினை என்பது சர்க்கரை உண்டாக்கும் சுழற்சி; அதற்கு ஒளிவினை தரும் ஆற்றல் மூலக்கூறுகளான ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் வேண்டும். அவற்றை ராத்திரிக்கென்று சேர்த்து வைக்கப் பசுங்கணிகத்தால் முடியாது.

ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில் ஒரு காப்பிச் செடி. கிளை இடுக்கு வழியே வெயில் பட்ட இலைமேல் சட்டென்று ஒளியே இல்லாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ரூபிஸ்கோ நொதி உடனே நின்றுவிடாது. ஐந்து கார்பன் உள்ள ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட்டுடன் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்து, மூன்று கார்பன் உள்ள பாஸ்போகிளிசரிக் அமிலத்தை இரண்டிரண்டாக உண்டாக்கும். அந்த அமிலத்தைச் சர்க்கரையாக மாற்றத்தான் ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் இல்லை. ஆகவே அமிலம் தேங்கும், ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் தீர்ந்துபோகும், சுழற்சி நிற்கும். ஒளி இருக்கும்போது கார்பன் டை ஆக்சைடை நிறுத்தினால் நேர் எதிராக நடக்கும்: ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் தேங்கும், அமிலம் குறையும். இந்தச் சுழற்சியைக் கண்டறிந்த கால்வின் குழுவினர் பாசியில் இந்த இரண்டையும் பார்த்தார்கள். தேர்வில் இந்த ஏற்ற இறக்கத்தைத் தலைகீழாக எழுதுபவர்கள் அதிகம். எது எதைச் செலவழிக்கிறது என்று யோசித்தால் மனப்பாடமே தேவையில்லை.

வெளியேறும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதாக எழுதுவது அடுத்த தவறு. அது தண்ணீரிலிருந்து வருகிறது. 1941-இல் ரூபனும் கேமனும் கனமான ஆக்சிஜன் கொண்ட தண்ணீரை வைத்து இதைக் காட்டினார்கள். இரண்டு தண்ணீர் மூலக்கூறு பிளந்தால் நான்கு எலக்ட்ரானும் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறும் கிடைக்கும். ஒளியைப் பிடிக்கும் இரண்டு ஒளித்தொகுப்புகளில் எலக்ட்ரான் முதலில் இரண்டாவதைக் கடக்கும், பிறகுதான் முதலாவதை. எண்கள் கண்டுபிடித்த வரிசையில் வந்தவை, ஓட்டத்தின் வரிசையில் அல்ல. இடையில் எலக்ட்ரான் சைட்டோகுரோம் என்ற புரதத் தொகுப்பின் வழியே போகும்போது, பசுங்கணிகத்திலுள்ள தைலக்காய்டு என்ற பைக்குள் புரோட்டான்கள் சேர்கின்றன. அவை வெளியே பாயும் விசையில்தான் ஏடிபி உருவாகிறது.

ஒரு கார்பன் டை ஆக்சைடுக்கு 2 என்ஏடிபிஎச், 3 ஏடிபி தேவை. அந்த நான்கு எலக்ட்ரான்கள் 2 என்ஏடிபிஎச்சைச் சரியாகத் தந்துவிடும், ஏடிபிதான் கொஞ்சம் துண்டு விழும். அதை முதல் ஒளித்தொகுப்பைச் சுற்றும் எலக்ட்ரான் ஓட்டம் ஓரளவு ஈடுகட்டுகிறது. இந்தச் சுழல் ஓட்டத்தில் தண்ணீர் பிளவதில்லை. அதற்கும் ஆக்சிஜன் எழுதினால் மதிப்பெண் போகும்.

சுழற்சியிலிருந்து குளுக்கோஸ் நேரடியாக வருவதில்லை. மூன்று கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால் மூன்று கார்பன் சர்க்கரை ஒன்று மிஞ்சும். பசுங்கணிகத்துக்குள் அது ஸ்டார்ச் ஆகும், வெளியே போனால் சுக்ரோஸ் ஆகும். நம்ம சேலத்து ஜவ்வரிசிக்கான மரவள்ளிக் கிழங்கிலுள்ள ஸ்டார்ச்சும் இலையிலிருந்து ஸ்டார்ச்சாக இறங்கியதல்ல. சுக்ரோஸாக வந்து, கிழங்கில் மறுபடி ஸ்டார்ச் ஆனது.